வறுத்த காபிக் கொட்டைக்கு ஓய்வு எதற்கு?

"காபிக் கொட்டையை வறுத்த அன்றே அரைத்து டிகாஷன் போட்டால்தான் ருசி, ஒரு நாள் தள்ளினாலும் மணம் போய்விடும்." – நாகர்கோவில் வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி.

இது தவறு. வறுக்கும்போது கொட்டைக்குள் உருவாகும் கரியமில வாயுவில் ஒரு பகுதி உள்ளேயே சிறைப்பட்டு, பின்னர் பல நாட்களில் மெல்ல வெளியேறுகிறது. அது தீருமுன் அரைத்து வெந்நீர் ஊற்றினால், வாயு நுரைத்துப் பொங்கித் தூளைத் தூக்கிவிடுவதால், நீர் எல்லாத் தூளையும் சீராக நனைக்காமல் கிடைத்த வழியில் இறங்கிவிடுகிறது.

ஞாயிறன்று நடுத்தரமாக வறுத்த கொட்டையை மறுநாள் காலையில் என் பித்தளை ஃபில்டரில் இட்டபோது, நுரை மேல்தட்டு வரை எழும்பியது. டிகாஷனோ நீர்த்து, புளிப்பேறி இருந்தது. அதே கொட்டையை அடுத்த சனிக்கிழமை, அதே அளவில் அரைத்துப் போட்டேன்: நுரை சிறிதாக அடங்கியது, டிகாஷன் கெட்டியாக இறங்கியது. நடுத்தர வறுவலுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் என்பது என் கணக்கு. கருக வறுத்தது விரைவில் வாயுவை விடுவதால் மூன்று நாட்களே போதும், இள வறுவலுக்குக் கூடுதல் நாட்கள் வேண்டும்.

முழுக் கொட்டை, காற்றுப் புகாத பையில் வறுத்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் நன்றாக இருக்கும். அரைத்த தூள் ஓரிரு வாரங்களிலேயே மணம் இழக்கும். நம் கடலோர ஈரக்காற்றில் அதற்கும் முன்பே. எண்ணெய் சிக்கடித்த வாடை வந்தால் காலம் கடந்துவிட்டது. அன்றாடம் திறந்து மூடும் டப்பாவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும்.