கம்பி பில்லைக் காட்டினால் எஸ்கலேஷன் வந்துவிடுமா?

"கம்பி விலை 20 சதவீதம் ஏறிடுச்சு. கான்ட்ராக்ட்ல எஸ்கலேஷன் கிளாஸ் இருக்கு, வாங்குன பில்லைக் காட்டினா வித்தியாசம் முழுசும் வந்துடும்."

எஸ்கலேஷன், அதாவது விலை ஏறினால் ஒப்பந்தப்படி கிடைக்கும் கூடுதல் தொகை, அப்படி வராதுங்க சார். ஃபார்முலா போட்ட கிளாஸில் நீங்கள் கடையில் என்ன கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெளியிடப்படும் விலைக் குறியீட்டைத்தான் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் கம்பிக்குப் போட்ட பங்கு 0.20, டெண்டர் போட்ட சமயத்துக் குறியீடு 150, இப்போது 180 என்று வையுங்கள். 100 ரூபாய் பில்லுக்கு:

```
100 × 0.20 × (180 − 150) / 150 = 4
```

கம்பிக்காகச் சேர்வது 4 ரூபாய். அந்த மாதம் வெறும் மண் வேலை மட்டும் நடந்திருந்தாலும் இதே 4தான். கம்பி அதிகம் வாங்கிக் கட்டும் மாதத்திலும் அதே பங்குதான், அப்போதுதான் கையைக் கடிக்கும். குறியீடு இறங்கினால் பிடித்தமும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை.

இதே பேச்சில் இன்னொருத்தர் "வேலை லேட்டானா குறியீடு ஏறி இன்னும் கூடக் கிடைக்கும்" என்றது பாதி சரி. கால நீட்டிப்பு கையில் இருந்தால் சரி. தாமதம் நம் பக்கம் என்றால், கெடு முடிந்த சமயத்துக் குறியீடு, இன்றைய குறியீடு இரண்டில் வேலை கொடுத்தவருக்கு எது லாபமோ அதைத்தான் பல ஒப்பந்தங்கள் எடுக்கும்.

இங்கே ஒரு தம்பி தன் வீட்டு வேலைக்கு பில் காட்டி வித்தியாசத்தை வாங்கியதாகச் சொல்கிறார்; அது பில்லை வைத்தே கணக்குப் போடும் வேறு வகைக் கிளாஸ். சார், உங்களுடையது எது? பங்கு அட்டவணையைப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.