மோர்ஓவர் போட்ட இடத்துல ஹவெவர் வரணும்

ஐஇஎல்டிஎஸ்ங்கற ஆங்கிலத் தேர்வு எழுதப் போறவங்களோட கட்டுரைங்கள திருத்திக் குடுத்துட்டு இருக்கேன், ரெண்டாவது டாஸ்க், 40 நிமிஷத்துல குறைஞ்சது 250 வார்த்தை எழுதணுமே அது. கோச்சிங்ல குடுக்கற லிங்கிங் வேர்ட்ஸ் லிஸ்ட் மேல எனக்கு நிஜமாவே கோவம் வருது. மோர்ஓவர், ஃபர்தர்மோர், ஹவெவர், நெவர்தெலஸ்னு வரிசையா போட்டு, "வாக்கியத்துக்கு ஒண்ணு வை, மார்க் வரும்"னு சொல்லி அனுப்பிடறாங்க. அந்த வார்த்தை ஒவ்வொண்ணும் படிக்கறவங்ககிட்ட என்ன சொல்லுதுனு யாரும் சொல்லித் தரதில்ல.

அடிக்கடி வர்ற மாதிரி ஒரு பத்திய தமிழ்லயே போடறேன். தலைப்பு ஆன்லைன் கிளாஸ்.

"ஆன்லைன் கிளாஸ்ல செலவு கம்மி. மோர்ஓவர், எந்த ஊர்ல இருந்தும் படிக்கலாம். ஃபர்தர்மோர், கிராமத்துல நெட் சரியா கிடைக்காது. நெவர்தெலஸ், வாத்தியார நேர்ல பாத்து சந்தேகம் கேக்க முடியாது. தேர்ஃபோர், ஆன்லைன் கிளாஸே நல்லது."

முதல் ரெண்டு வரில பிரச்சனை இல்ல, ரெண்டுமே ஆன்லைனுக்கு சாதகம், அதனால மோர்ஓவர் சரி. மூணாவதுல ஃபர்தர்மோர்னு பாத்ததும் படிக்கறவங்க இன்னொரு நல்லது வரப்போகுதுனு நினைச்சுட்டு போறாங்க, வர்றது நெட் இல்லைங்கற குறை, உடனே திரும்பி மேல போய் மறுபடி படிக்க வேண்டியதா இருக்கு. இங்கதான் ஹவெவர் வரணும். நாலாவது வரி அதே பக்கம் போற இன்னொரு குறை, அதுக்கு எதுக்கு நெவர்தெலஸ்? அங்க மோர்ஓவர் போதும். அஞ்சாவது வரி இன்னும் மோசம், ரெண்டு குறைய சொல்லி முடிச்ச கையோட "அதனால ஆன்லைனே நல்லது"ன்னா எதனாலனு கேக்கத் தோணுமா இல்லையா. நெவர்தெலஸ் வர வேண்டிய இடம் இதுதான்.

ஹவெவரும் நெவர்தெலஸும் ஒண்ணுனு நினைக்கறவங்க நிறைய பேர். ஹவெவர் பேச்ச மறுபக்கம் திருப்பும், அவ்வளவுதான். நெவர்தெலஸ் போட்டா, "முன்னாடி சொன்னது உண்மைதான், ஒத்துக்கறேன், அது இருந்தும் இத சொல்றேன்"னு அர்த்தம், நம்ம "அப்படி இருந்தும்" மாதிரி. அதனால அதுக்கு முன்னாடி வர்ற வரி நம்ம முடிவ தடுக்கற மாதிரி ஒரு விஷயமா இருக்கணும், பின்னாடி வர்ற வரில அது ஏன் தடுக்கலங்கற காரணம் இருக்கணும். மேல உள்ள பத்தில அந்தக் காரணமே கிடையாது. "அப்படி இருந்தும், பாடத்த ரெக்கார்ட் பண்ணி வச்சா நெட் கிடைக்கறப்ப டவுன்லோட் பண்ணிக்கலாம், சந்தேகத்துக்கு வாரம் ஒரு நாள் நேர்ல சந்திக்கலாம், அதனால ஆன்லைனே நல்லது"னு எழுதினா நிக்கும். வெறும் வார்த்தைய மாத்தினா காரணம் தானா வந்துடாது.

இன்னொண்ணு, திருப்பற வார்த்தைக்கு அந்தப் பக்கம் எது இருக்கோ அதுக்குத்தான் எடை. "வீடு நல்லா இருக்கு, ஆனா வாடகை ஜாஸ்தி"னா நீங்க அந்த வீட்ட எடுக்கப் போறதில்ல. "வாடகை ஜாஸ்தி, ஆனா வீடு நல்லா இருக்கு"னா அட்வான்ஸ் குடுக்க கிளம்பிட்டீங்கனு அர்த்தம். விஷயம் அதே ரெண்டுதான், வரிசை மட்டும் மாறுது. ஆஸ்வால்ட் டுக்ரோனு ஒரு பிரெஞ்சு மொழியியல் அறிஞர், பிரெஞ்சுல நம்ம "ஆனா"வுக்கு சமமான வார்த்தைய வச்சு இதத்தான் விளக்கமா எழுதினார். அதனால எதிர்த்தரப்பு வாதத்த முன்னாடி வை, உன் கருத்த ஹவெவருக்கு அப்புறம் வைன்னு நான் சொல்றேன். தலைகீழா எழுதிட்டு "என் கருத்த தெளிவா சொல்லியிருக்கேனே"னு வருத்தப்படறவங்க இருக்காங்க.

மார்க் விஷயத்துக்கு வருவோம். கருத்துங்க எவ்வளவு கோர்வையா இணைஞ்சிருக்குனு பாக்கற கோஹீரன்ஸ் அண்ட் கோஹிஷன்னு ஒரு பிரிவு, ரைட்டிங் மார்க்ல கால்வாசி அதுக்குத்தான். ஒவ்வொரு பேண்டுக்கும், அதாவது மார்க் படிக்கும், அதுல என்ன எதிர்பார்க்கறாங்கங்கற விளக்கத்த வெளிப்படையாவே போட்டிருக்காங்க, போய் படிங்க. இந்த மாதிரி இணைப்புங்கள அளவுக்கு மீறி போடறத பேண்ட் 5ல குறையாவே எழுதியிருக்காங்க, 6ல இணைப்பு இயந்திரத்தனமா இருக்கலாம்ங்கறாங்க, 9க்கு அந்த இணைப்பு கண்ணுல படாத அளவுக்கு இயல்பா இருக்கணும். வரிக்கு ஒண்ணு வைக்கச் சொல்றது இதுக்கு நேர் எதிர் தானே?

நான் சொல்லித் தர்ற வழி ஒண்ணுதான். எழுதி முடிச்சதும் எல்லா இணைப்பு வார்த்தையையும் பென்சில்ல அடிச்சுடுங்க. ஒவ்வொரு வரி பக்கத்துலயும் அது உங்க முடிவுக்கு சாதகமா பாதகமானு பிளஸ், மைனஸ் போடுங்க. குறி மாறற இடத்துல மட்டும் திருப்பற வார்த்தை வேணும். பிளஸ்ஸுக்கு அப்புறம் பிளஸ்னா பெரும்பாலும் எதுவுமே வேணாம், வர்றது முன்னத விட பலமான காரணம்னா மட்டும் மோர்ஓவர். மைனஸ்ல இருந்து நேரா முடிவுக்குப் போனா நெவர்தெலஸ், அப்ப காரணம் எழுதியிருக்கான்னு பாருங்க. கடைசியா, ஹவெவருக்கு முன்னாடி வெறும் கமா போட்டு ரெண்டு முழு வாக்கியத்த ஒட்டாதீங்க, முற்றுப்புள்ளி இல்லைன்னா செமிகோலன் வைங்க, பட் மாதிரி வார்த்தைங்கதான் கமாவோட ஒட்டும், இந்த ஒரு தப்பு கிராமர் மார்க்லயும் கை வைக்கும்.