ஓர் ஆண்டு இடைவெளியைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும்

2024 ஜூன் மாதம் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும். என் சித்தி மகள் தான் எழுதிய மின்னஞ்சல் ஒன்றை எனக்கு அனுப்பி, "அக்கா, இதைக் காலையில் கன்சல்டன்சிக்கு அனுப்பப் போகிறேன். ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றாள். அவள் சென்னையில் ஆறு ஆண்டுகள் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்த்தவள். 2023 மே மாதம் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனாள். ஓர் ஆண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கத் தொடங்கியபோது வந்த முதல் பதிலுக்குத்தான் அந்த மின்னஞ்சலை எழுதியிருந்தாள்.

கன்சல்டன்சியிலிருந்து வந்தது வழக்கமான மின்னஞ்சல்தான். மொத்த அனுபவம், இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், இப்போது இருக்கும் ஊர் என்று ஒரு சிறிய அட்டவணை. கடைசி வரியில், "பணியில் இடைவெளி இருந்தால் காரணம் குறிப்பிடவும்." மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தவள், அந்தக் கடைசி வரிக்கு மட்டும் முப்பத்தொரு வரி எழுதியிருந்தாள்.

படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்த காலை, வலது கையும் காலும் விழுந்துபோனது, பேச்சு குழறியது, சித்தியின் சர்க்கரை நோய், வெளிநாட்டிலிருந்து உடனே வர முடியாத தம்பி, வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டும் மேலாளர் மறுத்தது, எல்லாம் இருந்தன. இரண்டு இடங்களில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இனிமேல் தேவையில்லாமல் விடுப்பே எடுக்க மாட்டேன் என்று உறுதியும் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் உடனே அவளை அழைத்து, "இதை அனுப்பாதே" என்றேன்.

நான் எட்டு ஆண்டுகள் ஓர் ஆட்சேர்ப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். அந்த மின்னஞ்சல் போய்ச் சேரும் மேசையின் அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்பது விண்ணப்பிக்கிற பலருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பும் பதில் அப்படியே மேலாளரிடம் போவதில்லை. ஒரு எக்செல் கோப்பு இருக்கும், ட்ராக்கர் என்போம். ஒருவருக்கு ஒரு வரிசை. சம்பளத்துக்கு ஒரு கட்டம், நோட்டீஸ் காலத்துக்கு ஒரு கட்டம், இடைவெளிக்கான காரணத்துக்கு ஒரு கட்டம். ஒரே பணியிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேரின் விவரங்களை நிரப்பி, மாலைக்குள் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். முப்பத்தொரு வரி எழுதினால் அதை அந்தக் கட்டத்துக்குள் அடக்க வேண்டியவர், அவசரத்தில் இருக்கும் யாரோ ஓர் இளைஞர். அவர் என்ன எழுதுவார்? "தந்தைக்கு உடல்நலக் குறைவு. விடுப்புப் பிரச்சினை வரலாம்." அவர் கெட்டவர் அல்லர். நீண்ட கதையில் கண்ணில் பட்டதை எடுத்து எழுதுகிறார். விடுப்பே எடுக்க மாட்டேன் என்று அவள் கொடுத்த உறுதிதான் விடுப்பு என்ற சொல்லையே அவர் மனத்தில் போடும். நானே அப்படிச் சுருக்கி எழுதியிருக்கிறேன். எத்தனை பேருக்கு அதனால் நேர்முகத் தேர்வு கிடைக்காமல் போனதோ என்று இப்போது நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஆகவே அந்தக் கட்டத்தில் போக வேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். அப்படியே நகலெடுத்து ஒட்டும் அளவுக்குச் சிறியதாக இருந்தால் யாரும் அதைச் சுருக்க மாட்டார்கள். இன்னொன்று, அந்தக் கோப்பு கன்சல்டன்சியில் இரண்டு பேர், நிறுவனத்தின் மனிதவளத் துறை, குழுத் தலைவர், மேலாளர் என்று பல கைகள் மாறும். சித்தப்பாவின் கை கால் விழுந்த கதை, முகம் தெரியாத அத்தனை பேர் கணினியிலும் எதற்காகக் கிடக்க வேண்டும்? அதைத் தர வேண்டிய கடமை அவளுக்கு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. வேலை கேட்பவர் தர வேண்டியது தேதிகளையும் காரணத்தின் வகையையும் மட்டுமே.

இதைச் சொன்னதும் அவள் மறு எல்லைக்குப் போய்விட்டாள். "அப்படியானால் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் போட்டுவிடட்டுமா?" என்றாள். அதுவும் கூடாது. கட்டத்தைக் காலியாக விடுவதும் அதுவும் ஒன்றுதான். காலிக் கட்டத்தைப் பார்க்கும் மேலாளர் தம் கற்பனையால் அதை நிரப்பிக்கொள்வார்: வேலையிலிருந்து நீக்கியிருப்பார்களோ, வேறு எங்கோ சேர்ந்து ஒத்துவராமல் வந்துவிட்டு மறைக்கிறாரோ என்று. பெண் என்றால் திருமணமா, குழந்தையா என்று யூகிக்கத் தொடங்கிவிடுவார்கள். காரணம் எந்த வகை என்பதைச் சொன்னால் அந்த யூகம் நின்றுவிடும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வகைக் காரணம், இப்போது நிலைமை என்ன என்ற மூன்றும் அந்த வாக்கியங்களில் இருந்தால் போதும்.

மூன்றாவதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். "அப்பா முழுவதும் குணமாகிவிட்டார்" என்று அவள் எழுதினாள். உண்மையா என்று கேட்டேன். இல்லை. அவர் ஊன்றுகோலுடன்தான் நடக்கிறார். பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. ஆனால் தம்பி ஊர் திரும்பிவிட்டான். பகலில் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள். எனவே, அப்பா குணமானதைப் பற்றி எழுத வேண்டாம், அவரைக் கவனித்துக்கொள்ள நிரந்தர ஏற்பாடு இருக்கிறது என்று எழுது என்றேன். நிறுவனம் தெரிந்துகொள்ள விரும்புவதும் அதைத்தான். பின்னால் என்றாவது அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவள் ஒரு நாள் விடுப்புக் கேட்டால், பொய் சொன்னவளாக நிற்க வேண்டியிருக்காது.

அந்த ஓர் ஆண்டில் என்னவெல்லாம் கற்றாள் என்று ஏழு இணையவழிப் பயிற்சிகளைப் பட்டியலிட்டிருந்தாள். அவற்றில் பாதியை முடிக்கவே இல்லை. செலினியம் என்ற மென்பொருள் கருவியில் தானியங்கிச் சோதனை எழுதிப் பழகியது மட்டும் உண்மையானது. நேர்முகத்தில் கேட்டால் உட்கார்ந்து எழுதிக்காட்ட முடியும். அதை மட்டும் வைத்துக்கொண்டோம். 'சுயதொழிலாக வேலை செய்தேன்' என்று போட்டுவிடச் சொல்லித் தோழி ஒருத்தி யோசனை தந்திருந்தாள். உண்மையில் செய்திருந்தால் தாராளமாகப் போடலாம். செய்யாமல் போட்டால், சரிபார்ப்பின்போது பில் எங்கே, வங்கிக் கணக்கில் பணம் வந்த பதிவு எங்கே என்று கேட்பார்கள்.

கடைசியில் ஆங்கிலத்தில் அனுப்பிய பதிலின் தமிழ் வடிவம் இது: "2023 மே முதல் 2024 மே வரை, குடும்பத்தில் ஒருவரின் உடல்நலப் பராமரிப்புக்காக முழுநேரமும் ஊரில் இருந்தேன், இப்போது அதற்கு நிரந்தர ஏற்பாடு செய்துவிட்டோம். இக்காலத்தில் செலினியம் வழியாகத் தானியங்கிச் சோதனை பயின்றேன், தேர்வானால் ஒரு வாரத்துக்குள் சென்னையில் பணியில் சேர முடியும்."

மன்னிப்பு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசிப் பகுதியை வேண்டுமென்றே சேர்த்தேன். நம் ஊர் மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் பல இடங்களில் மூன்று மாதம். ஆள் உடனே வேண்டும் என்று தவிக்கும் மேலாளருக்கு ஒரு வாரத்தில் சேரக்கூடியவர் கிடைப்பது பெரிய உதவி. இடைவெளியில் இருப்பவரிடம் உள்ள உண்மையான பலம் அது. பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் காலம் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தாள். 'ஒரு வாரத்தில் சேரலாம்' என்று மாற்றினோம். தற்போதைய சம்பளம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தாள். அங்கே கடைசியாக வாங்கிய ஆண்டுச் சம்பளத்தை எழுதி, பக்கத்தில் '2023 மே மாதத்தில் பெற்றது' என்று குறிப்பிட வேண்டும். பூஜ்யத்திலிருந்து பேரம் பேசத் தொடங்க யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கக் கூடாது.

தேதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரெஸ்யூமில் மாதங்களை நீக்கிவிட்டு வெறும் ஆண்டுகளைப் போட்டு இடைவெளியைச் சுருக்கிக் காட்டுவது பரவலாக நடக்கிறது. பழைய நிறுவனத்தில் இரண்டு மாதம் கூடுதலாக இருந்ததாக நீட்டுவதும் நடக்கிறது. இவை வருங்கால வைப்பு நிதியில் பிடிபடும். ஊழியரின் யூ.ஏ.என். எண்ணுக்குக் கீழே ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாதந்தோறும் செலுத்திய தொகை எல்லாம் பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அந்தப் பக்கத்தைக் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஓர் ஆண்டு இடைவெளியை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம்கூட, இரண்டு மாத நீட்டலைக் கண்டால் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

பதிலை அனுப்புவதற்கு முன் அவளையும் வைப்பு நிதித் தளத்தில் நுழைந்து பார்க்கச் சொன்னேன். நல்லவேளை. விலகிய தேதியை அவளுடைய பழைய நிறுவனம் பதியவே இல்லை. பார்ப்பவருக்கு அவள் இன்னும் அங்கே வேலை செய்வதுபோலத்தான் தெரியும். கடைசித் தொகை செலுத்தி இரண்டு மாதம் கடந்துவிட்டால், ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு நாமே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம். ரிலீவிங் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள தேதியையே பதியச் சொன்னேன். பதிந்த பிறகு மாற்றுவது அப்போது எளிதாக இல்லை.

எல்லா இடத்திலும் இந்தப் பதில் கதவைத் திறக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களை அனுப்பவே வேண்டாம் என்று எங்களிடம் எழுத்தில் சொன்ன வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அங்கே எந்த வாக்கியமும் செல்லாது. அந்த விதி நியாயமற்றது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பெற்றோரைப் பார்த்துக்கொண்ட ஓர் ஆண்டு ஒருவரின் ஆறு ஆண்டுத் திறமையை அழித்துவிடாது. தனக்கே உடல்நலம் சரியில்லாமல் போனவர்களும் நோயின் பெயரை எழுத வேண்டாம். மருத்துவக் காரணம் என்றும், இப்போது முழுநேரப் பணிக்குத் தயார் என்றும் எழுதினால் போதும். ஆட்குறைப்பில் வேலை போனவர்கள் அதை அப்படியே சொல்லலாம். பழைய நிறுவனத்தைப் பற்றிய குறை மட்டும் அதில் வேண்டாம்.

அவள் காலை ஒன்பது மணிக்கு அனுப்பினாள். பிற்பகலில் பதில் வந்தது: வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பேச முடியுமா என்று. இடைவெளியைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை. நேர்முகத்தில் மேலாளர் கேட்டார். அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுச் செலினியம் பக்கம் போய்விட்டார். வேலை உறுதியான பிறகு, இடைவெளிக் காலத்தில் வேறு எங்கும் பணியாற்றவில்லை என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி கேட்டார்கள். எப்படி எழுதுவது என்று மறுபடியும் என்னை அழைத்தாள். மின்னஞ்சலின் முதல் வாக்கியத்தையே எடுத்து எழுதி, தேதிகளை ரிலீவிங் கடிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னேன்.