வெறும் வயிற்றில் எடைப்பயிற்சி: கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் நான் மாற்றிக்கொண்டது

கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையும் என்ற நம்பிக்கையில் நானும் சில மாதங்கள் காலை உணவின்றியே ஜிம்முக்குச் சென்றேன். உண்ணாமல் பயிற்சி செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில் உடல் கொழுப்பைச் சற்று அதிகமாக எரிப்பது உண்மைதான். ஆனால் நாளின் மற்ற நேரங்களில் அதற்கேற்பக் குறைவாக எரிப்பதால், மொத்தக் கலோரியும் புரதமும் சமமாக இருக்கும்போது குறையும் கொழுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வருவதில்லை.

எனக்கு வந்த இழப்பு வேறு இடத்தில் இருந்தது. ஸ்குவாட்டில் 60 கிலோவை எட்டு முறை வீதம் மூன்று செட் செய்துகொண்டிருந்த நான், ஆறாவது வாரத்தில் மூன்றாம் செட்டில் ஐந்தாவது முறையோடு நின்றுவிட்டேன். கலோரி குறைவாக உள்ள காலத்தில் தசையைக் காப்பது முழு வலுவோடு செய்யும் எடைப்பயிற்சியும் போதிய புரதமும்தான் என்பதால், அந்தச் சரிவை நான் தீவிரமாக எடுத்துக்கொண்டேன்.

என் எடை அப்போது 80 கிலோ, ஒரு நாளைய அளவு 1,900 கலோரி. கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் ஏறத்தாழ 130 கிராம் புரதம் தேவைப்பட்டது. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் உண்ணத் தொடங்கினேன்; அது சுமார் 100 கலோரி. கொழுப்பும் நார்ச்சத்தும் மிகுந்த உணவு வயிற்றில் நெடுநேரம் தங்கி, குனிந்து நிமிரும்போது குமட்டலைத் தருவதால் அந்நேரத்தில் நட்ஸைத் தவிர்த்தேன். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முழு முட்டை, மூன்று முட்டை வெள்ளைக்கரு, ஒரு தம்ளர் பால், இரண்டு துண்டு ரொட்டி. பாலும் முட்டையும் மட்டுமே 30 கிராம் அளவுக்குப் புரதம் தந்துவிடும். எல்லாம் சேர்ந்து 470 கலோரிக்கு அருகில் வரும்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் உண்ணாவிட்டால் பலன் போய்விடும் என்பது மிகை. இரண்டு மணி நேரத்துக்கு முன்பு முழு உணவு உண்டவருக்கு அதன் புரதம் பயிற்சிக்குப் பின்னும் செரித்துக்கொண்டுதான் இருக்கும். இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் காலையில் பயிற்சி செய்பவர்தான் தாமதிக்காமல் உண்ண வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது கணக்கில்தான். ஒரு மணி நேர எடைப்பயிற்சி பலருக்கு 200 முதல் 300 கலோரி வரையே செலவழிக்கிறது. பால், வேர்க்கடலை வெண்ணெய், தேன் சேர்த்து அடித்த ஒரு பெரிய ஷேக் 500 கலோரியைத் தாண்டிவிடும். ஆகவே இந்த இரண்டு உணவுகளுக்குமான கலோரியை நான் புதிதாகச் சேர்க்கவில்லை, இரவு உணவிலிருந்தும் மாலைத் தின்பண்டத்திலிருந்தும் எடுத்தேன். மூன்று வாரங்களில் அந்த மூன்றாம் செட் மீண்டும் எட்டு முறைக்கு வந்தது. இடுப்புச் சுற்றளவும் தொடர்ந்து குறைந்தது.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரத அளவு பொருந்தாது. இவ்விருவரும் தங்கள் அளவை மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.