ஒரே வீடு, மூன்று பிள்ளைகள், ஒரே 'ஒரு மணி நேரம்'

கோத்தகிரிப் பக்கம் ஜூலை மாத மாலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்டு வரும்போதே சாரல். இருட்டிவிட்டால் காட்டெருமையும் கரடியும் நடமாடும், பிள்ளைகளை வாசலுக்குக்கூட விட முடியாது. கூடத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை, மூன்றாம் வகுப்புப் பையன், பத்தாம் வகுப்புப் பெண். "ஆளுக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல போன் கிடையாது" என்று அப்பா சொல்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் சின்னதுக்கு மிக அதிகம். பெரியவளுக்கோ, எத்தனை மணி நேரம் என்பதே முதல் கேள்வி இல்லை.

ஒவ்வொரு வயதிலும் போன் எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றரை வயதில் பறிபோவது பேச்சு. குழந்தை "பூ" என்று ஜன்னலைக் காட்டினால், "ஆமா, சிவப்புப் பூ, மழையில நனையுது" என்று பாட்டி சொல்வாள். அந்தப் பதில்தான் மொழி. வீடியோ எத்தனை பாட்டுப் பாடினாலும், குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் தந்த வழிகாட்டுதலில் இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்றது, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ காலைத் தவிர. திருப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா வீடியோ காலில் வந்தால் அவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார், அதனால் அது வேறு. யாரும் பார்க்காமல் ஓடும் டிவியையும் அணைத்துவிடுங்கள். அது ஓடினால் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது.

இந்த வயதில் நான் அதிகம் கவலைப்படுவது சோறூட்டும் போனைப் பற்றித்தான். கண் திரையில் இருக்கும்போது வயிறு நிறைந்தது குழந்தைக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நாளில் போன் இல்லாமல் வாயே திறக்காது. நிறுத்துவதென்றால் ஒரேயடியாக நிறுத்துங்கள். கையில் ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும் கொடுத்து, மற்றவர்களோடு உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் அழும், குறைவாகச் சாப்பிடும். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் போனை நீட்டினால், அழுதால் கிடைக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

எட்டு வயதுப் பையனின் சிக்கல் வேறு. ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக என்பது அதே சங்கத்தின் வரம்பு. ஆனால் "இன்னும் அஞ்சு நிமிஷம்" சண்டை நேரத்தால் வருவதில்லை. நிமிடம் முடியும்போது வீடியோ பாதியில் நிற்கிறது, அல்லது அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. அதனால் நிமிடத்தை விட்டு எண்ணிக்கையில் சொல்லுங்கள்: இருபது நிமிடப் படம் இரண்டு, அல்லது விளையாட்டில் மூன்று ஆட்டம். யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். கையில் போனைக் கொடுப்பதைவிட டிவியில் பார்க்கவிடுவது நல்லது. கண்ணுக்குத் தூரம் கிடைக்கும், என்ன பார்க்கிறான் என்றும் தெரியும்.

இந்த வயதில்தான் கிட்டப்பார்வையும் தொடங்குகிறது. பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் இருப்பது அதைத் தள்ளிப்போட உதவும். "இங்க வெயிலே இல்லையே" என்பார்கள். மூடுபனி நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு டியூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். மாலையை மழையும் விலங்கும் எடுத்துக்கொள்வதால், மதிய இடைவேளையில் ஸ்வெட்டரோடு மைதானத்துக்குப் போகட்டும். விடுமுறை நாளில் காலையிலேயே வெளியே அனுப்புங்கள்.

பதினைந்து வயதுப் பெண்ணிடம் மணிக்கணக்கு எடுபடாது. வீட்டுப்பாடமே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. அவளிடமிருந்து பறிபோவது தூக்கம். பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகிறது, அதைச் சோம்பல் என்று திட்டுவது தவறு. எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும். ஏழு மணிப் பேருந்துக்கு ஆறு மணிக்கு எழுபவள் பத்து மணிக்காவது தூங்கியிருக்க வேண்டும். போன் ஒன்பதுக்குக் கூடத்து அலமாரிக்குப் போய், அங்கேயே சார்ஜ் ஏறட்டும். ஞாயிறன்று மற்ற நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினால், வாரம் முழுக்கத் தூக்கம் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அவளுடைய மெசேஜ்களை ஒளிந்து படிக்காதீர்கள். படித்தது தெரிந்தால், யாராவது மிரட்டினாலும் உங்களிடம் சொல்ல மாட்டாள். நேரத்தை அவளோடு பேசியே முடிவு செய்யுங்கள். தம்பி "அவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டால், "நீ ஒன்பது மணிக்குள்ள தூங்கிடணும், அவளுக்குப் பாடம் இருக்கு" என்று காரணத்தைச் சொல்லுங்கள்.

அப்பா அம்மா போனும் ஒன்பதுக்கு அதே அலமாரிக்கு வர வேண்டும். "எனக்கு அலாரம் வேணுமே" என்று பெரியவள் கேட்பாள். ஊட்டியிலோ குன்னூரிலோ கடைத்தெருவில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி, முந்தின நாளே அவள் அறையில் வைத்துவிடுங்கள்.