போனில் வரும் பிள்ளைக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்குக் குடும்பக் குழு வழியாக அன்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. நான் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. நாலு நாள் பொறுத்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

என் பேரனுக்கு ஒட்டுதல் இல்லையாம். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு, யாங்கோனில் இருக்கிற அப்பத்தாவை எப்படித் தெரியும் என்று பரிதாபமும் பட்டார்கள். பத்தொன்பது மாதப் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு இது.

என்ன நடந்தது? என் மகன் அழைத்தான். நான் போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடிப்பதற்குள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவரைச் சுற்றி ஆறேழு தலைகள். "நான் யாரு, சொல்லு? தாத்தா சொல்லு. பாட்டிக்கு முத்தம் குடு. ஏன் பேச மாட்டேங்கிற? வாய் இல்லையா?" பிள்ளை உதட்டைப் பிதுக்கினான், அழுதான், அவன் அம்மா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த நேரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நமக்குப் பகல் 12.30 என்றால் சிங்கப்பூரில் 2 மணி. சோறு உண்டு கண் சொக்குகிற நேரம். பெரியவருக்குப் பின்னால் திறந்த வாசல், உச்சி வெயில். வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்தால் போன் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். அந்தப் பிள்ளை பார்த்தது தாத்தாவை இல்லை, அதட்டுகிற ஒரு கறுப்பு உருவத்தை. என் வயதில் எனக்கே பயம் வரும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். போனில் வருகிற சின்னப் பிள்ளையைக் கேள்வி கேட்டு வரவேற்காதீர்கள். "நான் யாரு" என்பது வரவேற்பு இல்லை, பரீட்சை. பேச்சு முழுதாக வராத பிள்ளை அதில் தோற்கத்தான் செய்யும். தோற்றதும் பாசம் இல்லை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். பேரனுக்கு ஒரு வயது ஆனபோது நானும் இதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். தினமும் அழைப்பேன், தினமும் அவன் அரை நிமிடத்தில் தவழ்ந்து போய்விடுவான். ஒருநாள் மருமகள் அவள் பக்கத்தில் நடப்பதை இன்னொரு போனில் படம் பிடித்து அனுப்பினாள். "அத்தை, நீங்களே பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தாள். பார்த்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை.

அவனுக்குத் தெரிந்தது என் நெற்றியும் மேலே ஓடுகிற காத்தாடியும். நான் போனை மடியில் வைத்துக் குனிந்து பேசியிருக்கிறேன். என் கண் அவனைப் பார்க்கவே இல்லை. நான் திரையில் அவன் முகத்தைப் பார்க்கிறேன், கேமரா அதற்கு மேலே இருக்கிறது, அதனால் அவனுக்கு நான் கீழே எங்கோ பார்ப்பதுபோலத் தெரிகிறது. அதைவிடக் கொடுமை என் அவசரம். "அப்பத்தா எங்கே?" என்று கேட்கிறேன். பதில் வருவதற்குள் "சோறு உண்டியா?" என்கிறேன். உடனே "சிரி பாப்போம்" என்கிறேன். இங்கே வி.பி.என். போட்டால்தான் அழைப்பே போகும், அதில் குரல் ஒன்றிரண்டு நொடி தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. கேட்டதைப் புரிந்துகொண்டு கையைத் தூக்கவும் சின்னப் பிள்ளைக்கு நேரம் வேண்டும். அந்தப் படத்தில் அவன் என்னை நோக்கி விரலைத் தூக்குகிறான். அதற்குள் நான் மூன்றாவது கேள்விக்குப் போய்விட்டேன். தூக்கிய விரலை அப்படியே இறக்கிவிட்டான்.

அப்புறம்தான் மாற்றினேன். அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன், என் கண் உயரத்துக்கு. ஜன்னல் என் முகத்துக்கு எதிரே இருக்கும்படி உட்கார்ந்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். கூப்பிடும்போது அந்தப் பொட்டைப் பார்த்துக் கூப்பிடுவேன், பிறகு திரையில் அவனைப் பார்ப்பேன். இவ்வளவுதான், காசு செலவில்லை.

வரவேற்பு என்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டேன், தினமும் மாறாத ஒன்று. முகத்தில் பூசுகிற தனக்காப் பட்டையை முன்பே கல்லில் அரைத்து வைத்திருப்பேன். அவன் முகம் தெரிந்ததும் "அப்பத்தா வந்துட்டேன்" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, வலக் கன்னத்தில் ஒரு வட்டம், இடக் கன்னத்தில் ஒரு வட்டம் மெதுவாகப் பூசுவேன். பிறகு கன்னத்தை இரண்டு தடவை தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் ஒருநாள், எட்டு எண்ணும்போது, அவன் தன் கன்னத்தைத் தட்டினான். நான் உடனே என் கன்னத்தைத் தட்டினேன். அவன் மறுபடி தட்டினான். இப்போது போன் மணி அடித்தாலே கன்னத்தைத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறானாம். இந்தப் பிள்ளைக்குத்தான் ஒட்டுதல் இல்லை என்று எழுதினீர்கள்.

அவன் செய்ததற்கு நாம் உடனே பதில் செய்கிறோமா என்பதுதான் பிள்ளைக்கு முக்கியம். டிவியில் ஓடுகிற பொம்மை எவ்வளவு ஆடினாலும் இவன் தட்டியதற்குப் பதில் தட்டாது. அமெரிக்காவில் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. எதிரே இருப்பவர் நேரிலோ வீடியோ அழைப்பிலோ பதில் சொல்லிப் பேசியபோது பிள்ளைகள் புதுச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே பதிவு செய்து போட்டுக் காட்டியபோது பிடிக்கவில்லை. அதே திரைதான். என் மகன் அந்த ஆய்வை அனுப்பியபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை, அந்த எட்டாவது எண்ணிக்கையில் நான் கண்டதுதான் அது.

"சின்னப் பிள்ளைக்குப் போன் காட்டுவதே தப்பு" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். பதினெட்டு மாதத்துக்குள் திரை வேண்டாம் என்று 2016இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வீடியோ அழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போவதும், அம்மா மடியில் உட்காரவைத்து அப்பத்தாவோடு விளையாட விடுவதும் ஒன்றாகுமா?

அந்த அம்மா மடி முக்கியம். நான் இங்கே விரலை ஆட்டிக் "கிச்சுக் கிச்சு" என்றால் அங்கே மருமகள் அவன் வயிற்றைக் கிச்சுக்கிச்சு மூட்டுவாள். நான் வாழைப்பழத் துண்டைக் கேமராவுக்குக் கொண்டுவந்து "ஆ" என்றால் அவள் ஒரு துண்டை அவன் வாயில் வைப்பாள். என் கைக்கு எட்டாததை அவள் கை செய்கிறது. மருமகளைக் குறை சொல்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவள் இல்லையென்றால் எனக்குப் பேரன் இல்லை.

பொருளைக் காட்டும்போதும் நம் ஆட்கள் "அதோ பார், அங்கே பார்" என்று விரல் நீட்டுகிறார்கள். எங்கே பார்ப்பான்? நாம் நீட்டுகிற திசை அங்கே அவன் வீட்டுச் சுவரில் முடியும். பொருளை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்து, பெயரைச் சொல்லி, அவன் பார்க்கும்வரை ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். அன்னதானத்தில் ஒருவர் கோயில் மணியை அடித்துக் காட்டினார். பேச்சுக்குரல் கேட்கவேண்டும் என்று போன் மற்றச் சத்தத்தைக் குறைத்துவிடும், கைதட்டலும் மணியும் பெரும்பாலும் அங்கே அமுங்கித்தான் போகும். ஏழு பேர் ஒன்றாகப் பேசினால் ஒருவர் குரலும் தெளிவாகப் போகாது.

"பெரியவர் ஆசையாகக் கேட்டார், அதற்கு இவ்வளவா" என்று கேட்பீர்கள். ஆசை எனக்குத் தெரியும். அவர் பேரப்பிள்ளைகளும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அவர் மனது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் ஆசை நிறைவேறவில்லை என்பதற்காக என் பேரனுக்கு ஏன் பெயர் வைக்க வேண்டும்? "நேரில் போய்ப் பார்க்கவேண்டியதுதானே" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டு நிலைமை தெரிந்துகொண்டே எழுதினீர்கள்.

எனக்கு ஒரு அம்மாச்சி இருந்தார்கள். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது இரண்டு வயது. நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். கூடத்தில் அவர்கள் படம் மாட்டியிருந்தது. தினமும் அம்மா என்னைத் தூக்கிக் காட்டி "அம்மாச்சிக்குக் கும்பிடு போடு" என்பாளாம், நான் போடுவேனாம். எத்தனை தடவை போட்டாலும் அந்தப் படம் திரும்ப ஒரு கும்பிடு போட்டதில்லை. கொஞ்ச நாளில் நான் நிறுத்திவிட்டேன் என்று அம்மா சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம் அழுவாள். எனக்கு அம்மாச்சியின் குரல் தெரியாது. அதனால்தான் யாராவது என் போனைப் பிடுங்கினால் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது ஆறேழு நிமிடம். மத்தியானம் 2.30க்கு, அங்கே 4 மணிக்கு, அவன் தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது. அதுவும் அன்றைக்குக் கரண்ட் முறை எங்கள் பக்கம் இருந்தால். அதில் பாதி நேரம் அவன் ஓடிப்போய் வண்டி உருட்டுவான். நான் வைத்துவிட மாட்டேன், மருமகளோடு பேசிக்கொண்டிருப்பேன். குரல் கேட்டுத் திரும்பி வருவான்.

வைக்கும்போதும் ஒன்று இருக்கிறது. நான் "டாட்டா" சொல்லி உடனே சிவப்பை அமுக்கிவிடுவேன். பிள்ளை டாட்டா காட்டவில்லையே என்று மனதுக்குள் ஒரு குறை. ஒருநாள் மருமகள் சொன்னாள்: "அத்தை, அவன் தினமும் காட்டுறான். நீங்க வெச்சதுக்கு அப்புறம் காட்டுறான். அணைஞ்சு போன திரையைப் பார்த்துக் காட்டுறான்."

இப்போது நான் டாட்டா சொல்லிவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று பதின்மூன்று எண்ணினேன். காட்டினான்.