சான்று சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருந்தால், இதழாசிரியருக்கு என்ன எழுதுவது?

1980 ஜனவரி 10 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியம். எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற 39,946 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், 11,882 பேருக்கு ஓபியாய்டு வகை வலிமருந்து ஒருமுறையாவது தரப்பட்டிருந்தது. முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் ஓரளவு நன்றாகப் பதிவான அடிமைத்தனம் நால்வரிடம் மட்டுமே தெரிந்தது என்பதுதான் செய்தி. எவ்வளவு மருந்து, எத்தனை நாள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

அமெரிக்காவில் 1990களின் நடுவில் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததும், இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டுவது வேகமாகப் பெருகியது. 2017இல் கனடா ஆய்வாளர்கள் சிலர் அதை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 72.2 சதவீதம் 'ஓபியாய்டு கொடுத்தால் அடிமையாவது அரிது' என்பதற்கு இதையே சான்றாகக் காட்டின. இது மருத்துவமனையில் இருந்தவர்களைப் பற்றிய தகவல் என்பதை 80.8 சதவீதம் குறிப்பிடவே இல்லை. மாதக்கணக்கில் வீட்டிலிருந்து மாத்திரை விழுங்கும் முதுகுவலிக்காரருக்கும் அந்த நால்வர் கணக்கே பொருந்தும் என்று பல ஆண்டுகள் நம்பவைத்தது இப்படித்தான்.

இதில் பிழை யாருடையது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1980 கடிதம் தன் எல்லைக்குள் சரியாகவே பேசியது. தவறு மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் இருக்கிறது. ஆகவே திருத்தம் கேட்கும் கடிதம் போக வேண்டிய இடம், மேற்கோள் காட்டிய கட்டுரையை வெளியிட்ட இதழ். மூலத்தை வெளியிட்ட இதழால் செய்யக்கூடியது மிகக் குறைவு. நியூ இங்கிலாந்து ஜர்னல் 2017இல் பழைய கடிதத்தின் மேல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டது, அவ்வளவுதான். அதனால் அந்த 608இல் தவறாக மேற்கோள் காட்டிய ஒன்றுகூடத் தானாகத் திருந்திவிடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யாராவது எழுதியாக வேண்டும்.

எப்படி எழுதுவது? இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையின் அறிமுகப் பகுதியில், மூன்றாம் பத்தியில், 'நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுப்போரில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அடிமையாகிறார்கள்' என்று இருக்கிறது. பக்கத்தில் சான்று எண் 12. பட்டியலில் 12ஆவது, போர்ட்டர்–ஜிக் கடிதம். நான்கை 11,882ஆல் வகுத்தால் சுமார் 0.03 சதவீதம் வரும். அந்த '1 சதவீதத்துக்கும் குறைவு' இங்கிருந்துதான் பிறக்கிறது. எண் சரி, யாரைப் பற்றிய எண் என்பதுதான் தவறு. இதழின் மொழியில் எழுதும் கடிதத்தின் உடல் கீழே உள்ள அளவு இருந்தால் போதும். அதில் வரும் டிஓஐ என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாளக் குறியீடு:

"மதிப்பிற்குரிய இதழாசிரியருக்கு, தங்கள் இதழில் வெளியான [தலைப்பு, டிஓஐ] கட்டுரையில் ஒரு மேற்கோளைத் திருத்தக் கேட்டு எழுதுகிறேன். அறிமுகம், மூன்றாம் பத்தி, இரண்டாம் வாக்கியம் இவ்வாறு உள்ளது: [வாக்கியம் அப்படியே]. சான்றாகக் காட்டப்பட்ட எண் 12, மருத்துவமனையில் தங்கியிருந்த நோயாளிகளைப் பற்றியது. நாள்பட்ட வலியையோ நீண்டகாலப் பயன்பாட்டையோ ஆராயவில்லை. அதன் முழு வாசகத்தையும் இணைத்துள்ளேன். வாக்கியத்தை மூலத்துக்குப் பொருந்த மாற்றலாம், அல்லது நீண்டகாலப் பயன்பாட்டை ஆராய்ந்த வேறு சான்றைக் கட்டுரையாளர்கள் தரலாம், இரண்டும் இயலாவிடில் வாக்கியத்தை நீக்கலாம். கட்டுரையின் முடிவுரை இந்த வாக்கியத்தைச் சார்ந்திருக்கிறதா என்பதையும் கட்டுரையாளர்களிடம் கேட்க வேண்டுகிறேன். மேற்கோள் காட்டப்பட்ட வெளியீட்டுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சில நேரம் இத்தகைய கடிதத்தை எழுதுபவர், தவறாகக் காட்டப்பட்ட ஆய்வின் சொந்தக்காரராகவே இருப்பார். அதில் குற்றமில்லை, 'தவறாகக் காட்டப்பட்ட ஆய்வு என்னுடையது' என்று அவரே முதலில் சொல்லிவிட வேண்டும். அதோடு 'அதற்குப் பதிலாக என் இன்னொரு கட்டுரையைச் சேருங்கள்' என்று கேட்டால் காரியம் கெட்டது. மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வந்தவர் என்றுதான் இதழாசிரியர் நினைப்பார்.

இன்னொரு தவறு, கடிதத்துக்குள் குற்றப்பத்திரிகை வாசிப்பது. 'மூலத்தைப் படிக்காமலே எழுதியிருக்கிறார்கள்' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை எழுதிய நிமிடமே சாதாரணத் திருத்த வேண்டுகோள் நெறிமுறைப் புகாராக மாறி, விசாரணை, விளக்கம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டால் இதழாசிரியர் உட்கார்ந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். அதைவிட வலுவான வாதம் எதுவும் தேவையில்லை.

எழுதுவதற்கு முன் தொடர்புக்குரிய கட்டுரையாளருக்கு இதே செய்தியை அனுப்பி, பதிலுக்கு இரண்டு மூன்று வாரம் விடுவது முறை. அவரே இதழிடம் திருத்தம் கேட்டுவிட்டால் வேலை சுலபம். பதில் வரவில்லையென்றால், எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று இதழாசிரியர் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். இதழின் 'வாசகர் கடிதம்' பகுதிக்கு அனுப்பிவிட வேண்டாம். அது பிரசுரத்துக்கானது; பல இதழ்களில் அதற்குச் சொல் வரம்பும் சில வாரக் கெடுவும் உண்டு. திருத்த வேண்டுகோள் இதழ் அலுவலகத்துக்குப் போக வேண்டியது.

அனுப்புமுன் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. சில நேரம் கட்டுரையில் அச்சான சான்று சரியாகவே இருக்கும். அதைச் சொடுக்கினால் சம்பந்தமில்லாத வேறு கட்டுரை திறக்கும். அது தரவுப் பதிவின் பிழை, இதழாசிரியர் மேசைக்கு வர வேண்டியதல்ல. கண்டுபிடிக்க, கட்டுரையின் டிஓஐயை, டிஓஐகளைப் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப்பின் முகவரிக்குப் பின்னால் ஒட்டி உலாவியில் திறந்து பாருங்கள்:

```
https://api.crossref.org/works/<DOI>
```

பதிப்பாளர் சான்றுப் பட்டியலைப் பதிவு செய்திருந்தால் `reference` என்ற பகுதி இருக்கும். அதில் உங்கள் சான்றைத் தேடி, பக்கத்தில் `doi-asserted-by` என்ன சொல்கிறது என்று பாருங்கள். `publisher` என்றிருந்தால் அந்தத் தவறான டிஓஐயைக் கொடுத்தது பதிப்பாளர். அவர்களின் தயாரிப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். `crossref` என்றிருந்தால் தானியங்கிப் பொருத்தத்தில் நேர்ந்த பிழை. கிராஸ்ரெஃப் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். மேற்கோள் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகியவற்றில் மட்டும் பிழை என்றால் அவரவர் திருத்தப் படிவங்கள் தனி.

பதிலே வராத இதழ்களும் உண்டு. நினைவூட்டல் அனுப்புங்கள், பிறகு பதிப்பாளரின் புகார் வழிமுறைக்குப் போங்கள். அதுவும் முடிந்து, இதழ் கோப் என்ற வெளியீட்டு நெறிமுறைக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தால் அங்கே முறையிடலாம். இதழ் தன் நடைமுறையைப் பின்பற்றியதா என்று மட்டுமே அவர்கள் பார்ப்பார்கள். மேற்கோள் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

திருத்தம் ஏற்கப்பட்டால் அது எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். இணையத்தில் உள்ள பிடிஎஃப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு 'சரிசெய்துவிட்டோம்' என்று சிலர் பதில் எழுதுவார்கள். பழைய பிரதியை இறக்கி வைத்திருப்பவருக்கு அது தெரியவே வராது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவின் வழிகாட்டுதல்படி, என்ன மாறியது என்று சொல்லும் தனி அறிவிப்பு மூலக் கட்டுரையைச் சுட்டி வெளியாக வேண்டும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் மூலக் கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் அந்த அறிவிப்புக்கான இணைப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அதே மின்னஞ்சல் தொடரில் அதையும் கேட்டு இன்னொரு பதில் போடுங்கள்.